ஓய்வூதியம் தாமதம்: வைப்புநிதியை முறிக்கலாமா?

மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். நவம்பரில் கொடுத்த உயிர்வாழ் சான்றிதழில் என் தேய்ந்த கைரேகை சரியாகப் பதியவில்லையாம். மூன்று வாரமாக ஓய்வூதியம் நிற்கிறது. நேற்று முகப்பதிவு மூலம் மறுபடி கொடுத்தேன். நிலுவையோடு வருமாம், எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

கையில் 14,000 ரூபாய். சொசைட்டி பராமரிப்பு 4,500, மருந்து 3,200, மின்சாரமும் எரிவாயுவும் 1,800. வீட்டு வேலை செய்பவருக்கு 2,500. அதை மட்டும் தள்ளிப்போட மாட்டேன். மளிகைக்கும் பாலுக்கும் மிஞ்சுவது 2,000. பாலைப் பாதியாக்கினேன், காப்பியை விட மனமில்லை.

ஒரு லட்சம் வைப்புநிதி இருக்கிறது. முறித்தால் முழுத்தொகைக்கும் வட்டி குறையும். அதன்மேல் 10,000 கடன் எடுத்தால் வட்டி சற்றுக் கூடுதல்தான், ஆனால் எடுத்த தொகைக்கு மட்டும். அப்படி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாளில் பணம் கிடைத்தது?