ஒரே நாளில் ஆர்.எஸ்.ஐ. 60-இலிருந்து 9-க்கு இறங்குமா?

ஹட்டன்_வாசகன்
வணக்கம். தினசரி விலைகளைக் கொண்டு 14 நாள் ஆர்.எஸ்.ஐ.-யையும் 20 நாள் நகரும் சராசரியையும் கணிக்க ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். மற்றப் பங்குகளுக்கெல்லாம் சரியாக வருகிறது. ஒரு பங்குக்கு மட்டும் ஆர்.எஸ்.ஐ. ஒரே நாளில் 60-இலிருந்து 9-க்கு விழுந்து, வாரக்கணக்கில் மேலே வரவே மறுக்கிறது. அன்று சந்தையில் குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை. சூத்திரத்தைச் சரிபார்த்துவிட்டேன். இங்கே மழையும் மின்வெட்டுமாக இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பண்டாரவளை_ராஜன்
எந்தப் பங்கு, எந்தத் திகதி, விலைகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற மூன்றையும் விட்டுவிட்டீர்களே, தம்பி. விழுந்த நாளின் விலையையும் அதற்கு முந்திய நாளின் விலையையும் முதலில் எழுதுங்கள்.

மோகன்_நுவரெலியா
நீங்கள் வைல்டரின் சராசரியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் பழைய மதிப்பு முழுதாக நீங்காது. அதனால்தான் மேலே வர மறுக்கிறது. எளிய சராசரிக்கு மாற்றினால் பிரச்சினை தீரும்.

மூத்தவர்_கண்டி
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்கள் நிரல் எழுதிப் பணம் ஈட்ட நினைப்பதுதான் வியப்பு. விலை வரைபடத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

ஹட்டன்_வாசகன்
கொழும்புச் சந்தைப் பங்குதான். முந்திய நாள் 480 ரூபா, அன்று 121 ரூபா. பழைய விலைகளைச் சென்ற ஆண்டு ஒரு தளத்திலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக இறக்கினேன், அதன் பின் ஒவ்வொரு மாலையும் அன்றைய விலையை நானே கீழே சேர்த்து வருகிறேன். நிறுவனம் ஒரு பங்கை நான்காகப் பிரித்ததாக அறிவித்திருந்தது உண்மை. ஆனால் அதை அந்தத் தளமே கவனித்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

பதுளை_ஆசிரியை
அந்தத் தளம் தன்னிடமுள்ள பழைய விலைகளைத் திருத்தியிருக்கும். உங்கள் கணினியில் கிடக்கும் கோப்பைத் திருத்த அதனால் முடியாது. உங்கள் கோப்பின் மேற்பகுதி பிரிப்புக்கு முந்திய அளவிலும், கீழ்ப்பகுதி பிந்திய அளவிலும் இருக்கின்றன. 480-ஐ 4-ஆல் வகுத்தால் 120. ஆகவே அன்று பங்கு ஒரு ரூபா ஏறியிருக்கிறது. உங்கள் நிரலோ 359 ரூபா இழப்பு என்று படித்திருக்கிறது.

அந்த 9 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆர்.எஸ்.ஐ. 60 என்பதால், சராசரி ஏற்றம் 3 ரூபா, சராசரி இறக்கம் 2 ரூபா என்று வைத்துக்கொள்கிறேன். அன்றைய சராசரி இறக்கம் (2 × 13 + 359) ÷ 14, அதாவது 27.5 ஆகிறது, ஏற்றம் 2.79-க்குக் குறைகிறது. விடை ஏறத்தாழ 9. சூத்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

மோகன் சொன்னதில் பாதி உண்மை. வைல்டர் முறையில் அந்த 27.5 நாளுக்குப் பதினான்கில் ஒரு பங்கு வீதமே தேயும். அதற்குள் உண்மையான அசைவுகளும் பழைய அளவில் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட்டதால், 14 வர்த்தக நாட்களுக்குப் பின்னரும் ஆர்.எஸ்.ஐ. 13-ஐ ஒட்டியே நிற்கும். 42 நாட்களுக்குப் பின்னரும் 33-ஐத்தான் தொடும். ஆனால் எளிய சராசரிக்கு மாறுவது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. உங்கள் 20 நாள் சராசரியைப் பாருங்கள்: முதல் நாள் அது 462-இல் நிற்க, விலை 121-இல் இருப்பதால் விற்கச் சொல்லும். பழைய விலைகள் அனைத்தும் சாளரத்தை விட்டு வெளியேறும் நாளை ஒட்டி, விலை சராசரியை மேல்நோக்கிக் கடந்ததாக ஒரு கொள்முதல் சமிக்ஞையும் வரக்கூடும். விற்கச் சொன்னதும் பொய், வாங்கச் சொன்னதும் பொய்.

```python
r = df["close"].pct_change()
print(r[r.abs() > 0.3])

old = df.index < ex_date
df.loc[old, ["open", "high", "low", "close"]] /= 4
df.loc[old, "volume"] *= 4
```

முதல் இரண்டு வரிகள் சந்தேகத்துக்குரிய நாட்களைக் காட்டும். `ex_date` என்பது புதிய அளவில் வர்த்தகம் தொடங்கிய முதல் நாள். வர்த்தகமான பங்குத் தொகையைப் பெருக்க மறந்தால், தொகை சார்ந்த குறிகாட்டிகளில் அன்று திடீரென்று நான்கு மடங்கு வர்த்தகம் நடந்ததாகத் தோன்றும்.

பண்டாரவளை_ராஜன்
ஒரு தளம் தரும் விலை எந்த வகை என்று அறிய நான் ஆப்பிள் பங்கைப் பார்ப்பேன். 2020 ஓகஸ்ட் 31 அன்று அது ஒன்றுக்கு நான்காகப் பிரிந்து வர்த்தகமானது. 28-ஆம் திகதி முடிவு விலை 499.23 டொலர் என்று காட்டினால் தரவு திருத்தப்படாமல் பச்சையாக இருக்கிறது, 124.81 என்றால் பிரிப்பு மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது; அதற்கும் குறைவென்றால் பங்கிலாபமும் கழிக்கப்பட்டிருக்கிறது.

தோட்டத்துறை_செல்வம்
என்னிடம் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பங்கு இருக்கிறது. பிரிப்பு எதுவும் நடக்கவில்லை. 60 ரூபாவில் இருந்த பங்கு, 4.50 ரூபா பங்கிலாபத்துக்கான எக்ஸ்.டி. திகதியில் 55.80-க்கு வந்தது. 5 வீத நட்டத்தில் விற்கும்படி வைத்திருந்த விதி அன்றே விற்கச் சொல்லிவிட்டது. இதுவும் அதே வியாதியா, ஆசிரியை?

பதுளை_ஆசிரியை
அதே வியாதிதான், சிறிய அளவில். சிறியதென்பதால் கண்ணில் படாமல் தப்பிவிடும். மேலேயுள்ள 30 வீத வடிகட்டியிலும் சிக்காது. 4.50-ஐ 60-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.925. எக்ஸ்.டி. திகதிக்கு முந்திய எல்லா விலைகளையும் அதனால் பெருக்குங்கள். 60 என்பது 55.50 ஆகிவிடும்; ஆகவே 55.80 என்பது அரை வீத ஏற்றம். உங்கள் விதி 7 வீத வீழ்ச்சி என்று எண்ணி ஓடியிருக்கிறது.

மூத்தவர்_கண்டி
இங்கேதான் உடன்பட மாட்டேன். பிரிப்பைத் திருத்துவது கட்டாயம். பங்கிலாபத்தைத் திருத்துவது விலையைப் பொய்யாக்குவது. 60 ரூபாவில் விற்பவர்கள் குவிந்திருந்தார்கள் என்பது நடந்த உண்மை, 55.50-இல் எவரும் குவியவில்லை. மேலும், ஒவ்வொரு பங்கிலாபத்துக்கும் பழைய விலைகள் அனைத்தும் மாறுவதால், ‘50 ரூபாவுக்குக் கீழே வாங்கு’ என்ற விதி அன்றைக்கு எவரும் காணாத விலையில் வாங்கியதாகப் பரிசோதனை காட்டும்.

பதுளை_ஆசிரியை
நிலையான ரூபா மட்டங்களையும் கட்டளை விலைகளையும் வைத்துப் பார்க்கும்போது நீங்கள் சொல்வது சரி; அதற்குப் பச்சை விலை வேண்டும். நாளுக்கு நாள் ஏற்பட்ட வீத மாற்றத்தில் இயங்கும் குறிகாட்டிக்குத் திருத்திய விலை வேண்டும். இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளாக வைத்துக்கொண்டால் சண்டைக்கு இடமில்லை.

தோட்டத்துறை_செல்வம்
பங்கிலாபத்தில் 15 வீதம் வரியாகப் பிடித்துக்கொள்கிறார்களே? நான் கையில் வாங்கும் 3.825 ரூபாவையல்லவா கழிக்க வேண்டும்?

பண்டாரவளை_ராஜன்
உங்கள் சொந்த இலாபக் கணக்குக்கு 3.825. விலையைத் திருத்துவதற்கு 4.50, தரவு தருபவர்களின் வழக்கம் அதுதான். எல்லா முதலீட்டாளருக்கும் ஒரே வரி இல்லை என்பதால் வரி கழித்த தொகையைப் பொதுக் கணக்கில் சேர்க்க முடியாது.

மூத்தவர்_கண்டி
சந்தையில் விலை உண்மையில் 4.50-க்கு ஏற்ப விழுகிறதா, 3.825-க்கு ஏற்ப விழுகிறதா என்பதை இங்கே எவரும் அளந்து காட்டவில்லை. ‘வழக்கம்’ என்பது ஆதாரமாகாது.

ஹட்டன்_வாசகன்
நன்றி, ஆசிரியை. 4-ஆல் வகுத்தபின் அன்றைய ஆர்.எஸ்.ஐ. 62 என்று வருகிறது. கோப்பை இனி முழுதாகவே மறுபடி இறக்குவேன். இன்னொரு பங்கிலும் சந்தேகமான ஒரு நாள் தெரிகிறது. அதில் பிரிப்போ பங்கிலாபமோ இருந்ததாகத் தெரியவில்லை.

பதுளை_ஆசிரியை
உரிமைப் பங்கு வழங்கல் ஏதும் நடந்ததா என்று பாருங்கள். வழங்கிய விலையையும் விகிதத்தையும் எழுதினால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.