60° கயிற்றில் மட்டும் வேலைக் கணக்கு பொருந்தவில்லை

20 கிலோ சூட்கேஸ், சக்கரமில்லாத பக்கம் தரையில் படும்படி கிடத்தியது. கைப்பிடியில் 1 மீ கயிறு, நடுவில் சுருள்வில் தராசு. சமதளத் தரையில் 5 மீ, சீரான வேகத்தில் இழுக்கிறோம்.

கிடையாக இழுத்தால் 40 N, வேலை 200 J. உராய்வுக் கெழு சுமார் 0.2 என்று வருகிறது. 30°-இல் தராசு 41 N காட்டுகிறது; இடப்பெயர்ச்சித் திசைக் கூறு 41 × cos 30° = 35.5 N, வேலை சுமார் 178 J. 200-ஐ விடக் குறைவது சரிதான்: செங்குத்துக் கூறு சூட்கேஸைக் கொஞ்சம் தூக்குவதால் தரையின் எதிர்விசையும் உராய்வும் குறைகின்றன.

சிக்கல் 60°-இல். கணக்குப்படி 59 N, 148 J வரவேண்டும். தராசு 64 N காட்டுகிறது, 64 × 0.5 × 5 = 160 J.

தராசைத் தெரிந்த எடையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தாயிற்று. அதே தரையில் எதிர்த்திசையிலும் இழுத்தாயிற்று. கிளம்பும்போது வரும் எகிறலை விட்டுவிட்டுத்தான் அளவு எடுக்கிறோம். சூட்கேஸின் முன்முனை எழும்பவும் இல்லை.

சந்தேகம் கோணத்தின் மேல்தான். நிற்கும்போது 60° வைத்தாலும், நடக்கையில் கை 3 செ.மீ. உயர்ந்தாலே 64° ஆகிவிடும். அப்போது cos 0.5-இலிருந்து 0.44-க்கு இறங்கும், 64 N-உம் அப்படியே பொருந்துகிறது. 30° பக்கம் இதே பிசகு அவ்வளவாகத் தெரியாது.

நீளமான கயிறு போட்டால் கையைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டியிருக்கிறது. இழுத்துக்கொண்டே போகும்போது கயிற்றின் கோணத்தை 1° துல்லியத்தில் அளக்க எளிய வழி என்ன?