மனைவியின் பட்டத்துக்கு 'ரெக்கார்டு இல்லை' என்று சரிபார்ப்பு அறிக்கை வந்திருக்கிறது, அவசரம்

சேகர்_டர்பன்
வணக்கம். என் மனைவிக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை உறுதியாகி ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும் சேரலாம் என்றார்கள். நேற்று எச்.ஆரிடமிருந்து மெயில்: படிப்பு பற்றிய பகுதியில் சிவப்பு நிறத்தில் 'ரெக்கார்டு இல்லை' என்று வந்திருக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டுமாம். பட்டம் உண்மையானது. சட்டம் போட்ட சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சரிபார்த்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், நாங்கள் கம்பெனியிடம்தான் பேசுவோம் என்று வைத்துவிட்டார்கள். யாரிடம் போக வேண்டும்? அவள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

கார்த்தி_மிட்ராண்ட்
எனக்கும் இதே கதைதான் அண்ணா. நான் 2007-இல் கோவையில் பி.இ. சேர்ந்தேன். அந்த வருடம்தான் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்து கோவைக்குத் தனிப் பல்கலைக்கழகம் வைத்தார்கள், 2012-இல் திரும்பவும் சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். சான்றிதழில் ஒரு பெயர், இப்போது இருப்பது வேறு பெயர். இங்கே தென்னாப்பிரிக்காவின் தகுதி ஆணையமான சாக்வாவில் வெளிநாட்டுப் பட்ட மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

உமா_பீனிக்ஸ்
சேகர், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு? இங்கே படித்தவரா, இந்தியாவிலா? கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பட்டமா? ஃபீஸ் பாக்கி ஏதும் இருந்ததா? பாக்கி இருந்தால் இங்கே சான்றிதழைப் பிடித்து வைப்பது உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.

பிரிட்டோரியா_மூர்த்தி
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள், ஒருவரும் விவரம் தருவதில்லை. பழைய இழைகளைத் தேடிப் படிக்கவும் பொறுமை இல்லை. எளிமையான விஷயம். அசலை எடுத்துக்கொண்டு பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள், நகலில் முத்திரை வாங்கி எச்.ஆருக்கு அனுப்புங்கள். முடிந்தது.

லதா_வெஸ்ட்வில்
மூர்த்தி ஐயா, அந்த முத்திரை இந்த நகல் காட்டப்பட்ட தாளைப் போலவே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். தாள் உண்மையா என்று போலீஸ்காரர் பார்ப்பதில்லை. கம்பெனிக்கு வேண்டியது பட்டம் கொடுத்த இடத்திலிருந்து வரும் பதில்.

நான் பல வருடம் ஆட்களை எடுக்கும் பிரிவில் இருந்து இந்த அறிக்கைகளைப் படித்தவள். சேகர் தம்பி, முதலில் அறிக்கையின் வார்த்தையைச் சரியாகப் பாருங்கள். 'ரெக்கார்டு இல்லை' என்றால் அவர்கள் தேடிய விவரத்துக்கு எதுவும் பொருந்தவில்லை என்று பொருள். 'முரண்பாடு' என்றால் பதிவு கிடைத்தது, ஆனால் ஆண்டோ பட்டத்தின் பெயரோ மாறியிருக்கிறது. 'சரிபார்க்க முடியவில்லை' என்றால் பல்கலைக்கழகம் பதிலே தரவில்லை. மூன்றுக்கும் எச்.ஆர். சிவப்பு நிறம்தான் பார்ப்பார், ஆனால் மூன்றுக்கும் வழி வேறு. போலி என்று இதில் எதுவும் சொல்லவில்லை, அதை அவரிடம் சொல்லி முதலில் சாப்பிட வையுங்கள்.

அப்புறம், உமா கேட்டதற்கெல்லாம் பதில் போடுங்கள்.

சேகர்_டர்பன்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். அவள் இங்கேயே பிறந்தவள், சாட்ஸ்வொர்த். நான்தான் திருச்சிக்காரன். பி.எஸ்சி., டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம். 1997-இல் முடித்தாள். சி.வி.யில் குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் என்று போட்டிருக்கிறாள், ஏனென்றால் இப்போது அந்தப் பெயர்தான். ஃபீஸ் பாக்கி இல்லை. படிக்கும்போது கோவெந்தர், கல்யாணத்துக்குப் பிறகு என் பெயர்.

செல்வம்_ஜோபர்க்
விஷயம் இதுதான். சாக்வாவிடம் ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. எல்லா ஏஜென்சியும் அதில்தான் தட்டிப் பார்க்கிறார்கள். பழைய பட்டங்கள் அதில் முழுதாக ஏறவில்லை. ஆகவே தவறு சாக்வா பக்கம். அவர்களுக்கு எழுதி ஏற்றச் சொல்லுங்கள், தானாகச் சரியாகிவிடும்.

லதா_வெஸ்ட்வில்
பாதி சரி செல்வம். பதிவேட்டில் பழைய பதிவுகள் விட்டுப்போயிருப்பது உண்மை. ஆனால் அந்தப் பதிவேட்டுக்குத் தகவல் கொடுப்பதே பல்கலைக்கழகங்கள்தான். அங்கே இல்லையென்றால் சரிபார்ப்பவர் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். 'பதிவேட்டில் இல்லை' என்பதும் 'பல்கலைக்கழகம் இல்லை என்று சொன்னது' என்பதும் வேறு வேறு. அறிக்கையில் எதை வைத்து எழுதினார்கள் என்பதைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கார்த்தி சொன்ன மதிப்பீடு வெளிநாட்டுப் பட்டத்துக்கு. இவர் இங்கே படித்தவர், அது இவருக்குப் பொருந்தாது.

சேகர், தேடல் தவறியிருக்கக்கூடிய மூன்று இடம் உங்கள் பதிலிலேயே தெரிகிறது. ஒன்று பெயர். ஏஜென்சியின் சம்மதப் படிவத்தில் அவர் இப்போதைய பெயரைத்தான் எழுதியிருப்பார். பட்டம் கோவெந்தர் பெயரில். டர்பனில் கோவெந்தருக்கும் பிள்ளைக்கும் நாயுடுவுக்கும் பஞ்சமா? பெயரை வைத்து மட்டும் யாரும் 'இவர்தான்' என்று பதில் சொல்ல மாட்டார்கள். ஐடி எண்ணும் மாணவர் எண்ணும் சேர்ந்து போக வேண்டும்.

இரண்டு, கல்வி நிறுவனம். டர்பன்-வெஸ்ட்வில்லும் நாட்டால் பல்கலைக்கழகமும் 2004 ஜனவரி 1-இல் இணைந்ததுதான் குவாசுலு-நாட்டால். பழைய பதிவுகளுக்கு இப்போது பொறுப்பு அவர்கள்தான். பலர் சி.வி.யில் புதுப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் 1997-இல் குவாசுலு-நாட்டால் என்ற பல்கலைக்கழகமே கிடையாது. படிவத்தில் இருப்பதை அப்படியே எடுத்துத் தேடும் ஆளுக்கு அது புரியாது, எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

மூன்று, ஆண்டு. 1997 நவம்பரில் கடைசிப் பரீட்சை எழுதினால் பட்டம் கொடுப்பது அடுத்த ஆண்டுப் பட்டமளிப்பில். சான்றிதழில் 1998 என்றுதான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சரிபார்ப்பவர் பார்ப்பது பட்டம் வழங்கிய ஆண்டை, படிப்பை முடித்த ஆண்டை அல்ல.

சேகர்_டர்பன்
பார்த்தேன் அக்கா. 1998 மே. மாணவர் எண் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது.

செல்வம்_ஜோபர்க்
ஐடி எண்ணையும் பாருங்கள். பழைய ஐடி எண்களில் இனத்தைக் காட்டும் இலக்கம் இருந்தது, 1986-இல் அதை எடுத்துவிட்டு எண்ணையே மாற்றினார்கள். என் மாமனாருக்கு அதனால் பெரிய சிக்கல்.

லதா_வெஸ்ட்வில்
1998-இல் பட்டம் வாங்கியவர் என்றால் 1986-இல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஐடி புத்தகமே 16 வயதில்தான். உங்கள் மாமனார் வயதுக்காரர்களுக்கு அது நிஜமான சிக்கல், இவருக்கு இல்லை.

பிரிட்டோரியா_மூர்த்தி
இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. ஆஃபரைத் திரும்பப் பெற்றால் நேராகத் தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. போங்கள். 30 நாள் கெடு, அதைத் தவறவிடாதீர்கள்.

செல்வம்_ஜோபர்க்
வேலையிலேயே சேராத ஆளுக்கு சி.சி.எம்.ஏ. ஏது? அது பணிநீக்கம் செய்யப்பட்ட ஊழியருக்கு.

பிரிட்டோரியா_மூர்த்தி
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் முதல் நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் ஊழியர்தான் என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தெரியாததைப் பேசாதீர்கள்.

செல்வம்_ஜோபர்க்
அந்த ஆஃபரில் 'சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்' என்று நிபந்தனை இருக்கிறதே? நிபந்தனை நிறைவேறாத ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றம் பிடித்துக்கொள்ளும்? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீர்கள், இதற்குப் பதில் சொல்லுங்கள்.

உமா_பீனிக்ஸ்
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆஃபர் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமைதான் கெடு.

லதா_வெஸ்ட்வில்
உமா சொல்வது சரி. இன்றைக்கே மூன்று மெயில் போடுங்கள், தம்பி.

முதல் மெயில் எச்.ஆருக்கு. சுருக்கமாக: பட்டம் டர்பன்-வெஸ்ட்வில்லில் கோவெந்தர் என்ற பெயரில் 1998-இல் வழங்கப்பட்டது, தேடல் வேறு பெயரிலும் வேறு ஆண்டிலும் நடந்திருக்க வாய்ப்பு உண்டு, மறு தேடல் முடியும்வரை முடிவை நிறுத்தி வையுங்கள், அறிக்கையின் முழு நகலைத் தாருங்கள். கோபமோ வழக்குப் பேச்சோ இதில் வேண்டாம். எச்.ஆருக்கு அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும், மேலே காட்ட ஒரு காரணம் கொடுத்தால் அவரே நமக்காக நேரம் வாங்குவார்.

இரண்டாவது ஏஜென்சிக்கு. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டத்தின் 23-ஆம் பிரிவில் என்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், 24-ஆம் பிரிவில் தவறைத் திருத்தச் சொல்லலாம். திருத்தக் கோரிக்கைக்கு இரண்டாம் எண் படிவம். கம்பெனியிடம்தான் பேசுவோம் என்று சொன்னார்கள் அல்லவா, நாங்கள் கம்பெனி சார்பில் வேலை செய்பவர்கள்தான், பொறுப்பு கம்பெனிக்கே என்று வாதாடுவார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் அதே படிவத்தை இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். எந்தப் பெயர், எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எந்த எண் போட்டுத் தேடினீர்கள், யாரிடமிருந்து என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். ஐடி, திருமணச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நான்கையும் இணையுங்கள். படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் அல்ல.

திருத்தினால், பழைய தகவலை வைத்து முடிவு எடுக்கக்கூடியவர்களுக்கு அதைத் தெரிவிக்கும் கடமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. திருத்த மறுத்து நீங்களும் ஒப்புக்கொள்ளாவிட்டால், திருத்தம் கேட்கப்பட்டது என்ற குறிப்பையாவது அந்தப் பதிவோடு சேர்த்து வைக்க வேண்டும். இதைக் கேட்காமல் விடாதீர்கள். இன்று இந்த வேலை கிடைத்தாலும், நாளை இன்னொரு கம்பெனி அதே ஏஜென்சியிடம் போகலாம்.

மூன்றாவது பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவுப் பிரிவுக்கு, பட்டம் வழங்கியதை உறுதிசெய்யும் கடிதம் கேட்டு. மாணவர் எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள். இது வெள்ளிக்குள் வராமல் போகலாம். அதனால்தான் எச்.ஆரிடம் முதலில் நேரம் கேட்கச் சொன்னேன்.

கார்த்தி_மிட்ராண்ட்
கல்வித் தகுதிகள் பற்றிய 2019 திருத்தச் சட்டத்தில் போலிப் பட்டத்துக்கு 5 வருடம் வரை சிறை என்று படித்தேனே, இவர்கள் அதில் மாட்டுவார்களா?

லதா_வெஸ்ட்வில்
அது தெரிந்தே பொய்ப் பட்டம் காட்டுபவருக்கு. ஆனால் 'ரெக்கார்டு இல்லை' என்பதை யாராவது 'தவறாகக் காட்டினார்' என்று மாற்றி எழுதினால் உடனே எழுத்தில் மறுக்க வேண்டும். அந்த இரண்டாவது சொல் ஆளின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு.

சேகர்_டர்பன்
எல்லாருக்கும் நன்றி. எச்.ஆர். நேரம் கொடுத்தார். ஏஜென்சி இப்போதைய பெயரில், குவாசுலு-நாட்டால், 1997 என்றுதான் தேடியிருக்கிறது. கோவெந்தர் பெயரும் மாணவர் எண்ணும் கொடுத்ததும் பதிவு கிடைத்தது. இப்போது அறிக்கையில் 'முரண்பாடு: ஆண்டு' என்று மாற்றியிருக்கிறார்கள். கம்பெனி இன்னும் முடிவு சொல்லவில்லை.

லதா_வெஸ்ட்வில்
அந்த 'முரண்பாடு' பக்கத்தில் விளக்கம் சேர்க்கச் சொல்லுங்கள்: படிப்பு முடிந்தது 1997, பட்டம் 1998. சி.வி.யையும் திருத்தி எச்.ஆருக்கு அனுப்பிவிடுங்கள்.

உமா_பீனிக்ஸ்
லதா அக்கா, என் அண்ணனின் டிப்ளமா எம்.எல். சுல்தான் டெக்னிகான். அவன் சி.வி.யில் என்ன எழுத வேண்டும்?

லதா_வெஸ்ட்வில்
சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரை அப்படியே. பக்கத்திலேயே 'தற்போது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்' என்று ஒரு வார்த்தை சேர்க்கட்டும். 2002-இல் இணைந்தது, பதிவுகளை அங்கேதான் கேட்க வேண்டும்.