அப்பாவின் கடிதம்: காலையைக் கேட்பதா, மாலையைக் கேட்பதா?

புது அப்பா
குழந்தை பிறந்து 3 வாரம் ஆகிறது. எனக்கு வேலை 9 முதல் 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. மேலாளருக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "எனக்குக் குழந்தை பிறந்திருப்பதால் அடுத்த சில மாதங்களுக்கு வேலை நேரத்தில் சற்றுத் தளர்வு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." இது போதுமா, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா?

நேர்கோடு
குழந்தை, குடும்பம் எதையும் எழுதாதீர்கள். "சொந்தக் காரணம்" என்று இரண்டே சொல் போதும். வீட்டு விஷயத்தை அலுவலகக் கோப்பில் ஏற்றினால் பின்னால் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

மழைத்துளி
விடுப்பு எடுத்துவிடுங்களேன். முதல் மாதம் போனால் திரும்ப வராது.

புது அப்பா
விடுப்பு முடிந்துவிட்டது. நான் கேட்பது விடுப்பு இல்லை. அதே 8 மணி நேரம் வேலை செய்கிறேன், ஆனால் வேறு நேரத்தில்.

கோப்புக்கட்டு
15 வருடமாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இப்போது நீங்கள் சொன்னீர்களே, "அதே 8 மணி நேரம், வேறு நேரத்தில்" என்று, அதுதான் கடிதத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். உங்கள் வரைவில் அது இல்லை. "சற்றுத் தளர்வு" என்று படிக்கும் மேலாளர், இவர் எப்போது வருவார், எப்போது போவார் என்று தெரியாமல் "பார்க்கலாம்" என்பார். அப்படி நின்றுபோன கடிதங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேர்கோடு சொல்வதில் பாதி சரி. மனைவியின் உடல்நிலை, பிரசவ விவரம் எல்லாம் வேண்டாம். ஆனால் குழந்தையைச் சொல்லியே ஆக வேண்டும். "சொந்தக் காரணம்" என்றால் அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தை என்றால் ஒரு முடிவுத் தேதி போடலாம். முடிவுத் தேதி இருக்கும் கோரிக்கைக்கு ஒப்புதல் தருவது மேலாளருக்கும் எளிது.

எழுதுவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வாருங்கள்: குழந்தை பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், விடாமல் அழுத நேரம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும், அதனால் நீங்கள் எல்லா நேரமும் வீட்டில் தேவைப்படுவது போலத்தான் தோன்றும். தாளைப் பார்த்தால் இரண்டு, மூன்று மணி நேரம்தான் உண்மையில் கைமீறுவது தெரியும். அந்த நேரத்தைக் கேளுங்கள்.

அகல்
மூன்றாம் வாரத்துத் தாளை நம்பி அடுத்த சில மாதங்களுக்கு நேரம் கேட்கச் சொல்கிறீர்களா? என் மகள் மூன்றாம் வாரத்தில் சமர்த்தாக இருந்தாள். ஆறாம் வாரத்தில் மாலை ஆனதும் தொடங்கினால் இரவு 9 மணி வரை அழுகை. பிறகு மூன்று மாதத்தில் தானாகவே குறைந்தது.

இன்னொன்று. எனக்கு உதவியது மாலை இல்லை, காலை. 5 மணிப் பாலுக்குப் பிறகு என் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டு 9 மணி வரை வைத்திருந்தார். நான் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் தூங்கினேன். அந்தத் தூக்கம் இல்லையென்றால் பகல் முழுவதும் குழந்தையைக் கையில் வாங்கவே பயமாக இருக்கும். தாமதமாகத் தொடங்கும் நேரத்தைத்தான் கேட்க வேண்டும்.

கோப்புக்கட்டு
பெரும்பாலான குழந்தைகளுக்கு அழுகை ஆறாம் வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும், அதுவும் மாலையில். அந்த உச்சம் இவருக்கு இன்னும் வரவில்லை. அதனால் ஆறு வாரம் கழித்து மறுபடி பேசுவோம் என்று ஒரு வரி கடிதத்திலேயே இருக்கட்டும். காலையா மாலையா என்பதை நான் சொல்ல முடியாது.

அகல்
நானும் சொல்ல முடியாதுதான். புது அப்பா, உங்கள் மனைவியைக் கேட்டீர்களா?

பின்வரிசை
நான் மறுபக்கத்து ஆள். எங்கள் குழுவில் ஒருவர் இப்படி மூன்றரைக்குக் கிளம்பினார். நாலரைக்கு வந்த ஒவ்வொரு அழைப்பும் என் மேசைக்கு வந்தது. எனக்குக் குழந்தை இல்லை, ஆனால் எனக்கும் வீடு உண்டு. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால் நான் இதை ஆதரிக்க மாட்டேன்.

கோப்புக்கட்டு
நியாயம். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு, பாதியில் நிற்பது என்ன, எது நாளைவரை காத்திருக்கலாம், எதற்குத் தன்னை உடனே கூப்பிட வேண்டும் என்று அவர் குழுவுக்கு எழுதிவிட்டுப் போக வேண்டும். காலையில் முதலில் வருகிற வேலையை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

பின்வரிசை
காலை ஏழரைக்கு என்ன வேலை வருகிறது? எங்களிடம் எல்லாம் மாலையில்தான் குவியும். குறிப்பு எழுதுவது நல்லது, ஆனால் கணக்கு நேராகிவிடாது.

நிழல்மரம்
என் கதையைக் கேளுங்கள். என் மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றார். தினமும் காலையில் சீக்கிரம் வந்து நாலு மணிக்குக் கிளம்பினேன். வருகைப்பதிவு எந்திரத்தில் என் ஷிப்ட் பழைய 9 முதல் 6 ஆகவே இருந்தது. மாதக் கடைசியில் பார்த்தால் ஒன்பது நாள் அரைநாள் விடுப்பாகப் பதிவாகி, சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். அதைச் சரிசெய்வதற்குள் மேலாளர் மாறிவிட்டார். புதியவருக்கு எதுவும் தெரியாது, காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. அந்த மாதம் இரவெல்லாம் விழித்திருந்து, பகலில் இதற்காக அலைந்தது இன்னும் ஆறவில்லை.

கோப்புக்கட்டு
இது அடிக்கடி நடக்கிறது. "இந்தத் தேதியிலிருந்து வருகைப்பதிவில் என் ஷிப்டை மாற்றித் தர வேண்டுகிறேன்" என்று தனி வரி எழுதி, மனிதவளப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். முதல் வார முடிவிலேயே பதிவைத் திறந்து பாருங்கள்.

நேர்கோடு
சரி, குழந்தையை எழுதட்டும். ஆனால் பாதி வேலையை இரவில் வீட்டிலிருந்து செய்கிறேன் என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்வார்களே?

கோப்புக்கட்டு
ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எழுந்திருப்பவர் இரவு 9 முதல் 12 வரை கணினி முன் உட்கார்ந்தால் பத்து நாளில் தவறுகள் தொடங்கும். அரை மணி நேரத்துக்கு மேல் இரவில் வைக்காதீர்கள்.

புது அப்பா
மூன்று நாள் குறித்தேன். இரவில் 2 மணியை ஒட்டி ஒரு தடவை, 5-க்கு முன் ஒரு தடவை. மாலை 5 முதல் 8 வரை அழுகை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நேற்று நான் வீட்டுக்குள் நுழையும்போது, அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே ஒற்றைக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது மதியச் சாப்பாடு. காலையா மாலையா என்று கேட்டேன். "மாலை" என்றாள், யோசிக்கவே இல்லை.

இப்போது எழுதியிருப்பது இது:

"எனக்குக் குழந்தை பிறந்து 3 வாரம் ஆகிறது. வரும் திங்கள் முதல் 13 வாரங்களுக்கு, மொத்த வேலை நேரம் குறையாமல், என் நேரத்தைக் காலை 7.30 முதல் மாலை 3.30 வரை, அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையுடன் மாற்றித் தர வேண்டுகிறேன். மீதி அரை மணி நேரத்தை இரவு 8.30 முதல் 9 வரை வீட்டிலிருந்து செய்வேன். தினமும் 3.15-க்கு நிலுவை வேலைகளைக் குழுவுக்கு எழுதிவிடுவேன். அவசரம் என்றால் அதன்பிறகும் தொலைபேசியில் கிடைப்பேன். தடுப்பூசி நாட்களுக்கு அரைநாள் விடுப்பைத் தனியே முன்கூட்டிக் கேட்பேன். 6 வாரம் கழித்து இந்த ஏற்பாட்டைத் தங்களுடன் மறுபடி பார்க்க விரும்புகிறேன். வருகைப்பதிவிலும் ஷிப்டை மாற்றித் தர வேண்டுகிறேன்."

பின்வரிசை
அவசரம் எது என்று யார் முடிவு செய்வது? நானா, நீங்களா?

புது அப்பா
அதை இன்னும் எழுதவில்லை. நாளை குழுவில் பேசிவிட்டு அந்த வரியைத் திருத்துகிறேன்.

புது அப்பா (நான்கு நாள் கழித்து)
எழுத்தில் பதில் வந்துவிட்டது. 13 வாரம் இல்லை, 6 வாரம் மட்டும், அப்புறம் பார்த்து முடிவு. புதன்கிழமை மாலைக் கூட்டம் இருப்பதால் அன்று மட்டும் பழைய நேரம். பின்வரிசை கேட்டதைக் குழுவில் பேசினோம்: வாடிக்கையாளர் வேலை நின்றுபோனால் மட்டும் அழைப்பு என்று வைத்திருக்கிறோம். அதிலும் ஒருவருக்கு முழு சம்மதம் இல்லை.

அகல்
புதன்கிழமை மாலை வீட்டில் யார் இருப்பார்கள்?