ஆழ்துப்புரவுக்கு எப்படி விலை சொல்வது?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நானும் என் அண்ணியும் 8 மாதமாக வீடுகளை முழுமையாகச் சுத்தம் செய்து தருகிறோம். வேலைக்குக் குறைவில்லை, கையில்தான் எதுவும் நிற்கவில்லை.

முதலில் ஒரு வருகைக்கு 280 வெள்ளி என்று வைத்தோம். போன மாதம் ஒரு தரைவீடு: மூன்று அறை, இரண்டு குளியலறை. 5 மணி நேரம் என்று கணக்கிட்டுப் போனோம், எட்டரை ஆனது. சமையலறைதான் காரணம். அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சியின் வலையில் எண்ணெய்ப் பிசுக்கு தேன்மெழுகுபோல் உறைந்திருந்தது. மருந்துக்கும் பெட்ரோலுக்கும் 40 வெள்ளி போக, ஆளுக்கு மணிக்கு 14 வெள்ளிதான் மிஞ்சியது.

பிறகு அறைக்கு 40 வெள்ளி என்று மாற்றினோம். ஒரு வீட்டில் படுக்கையறைகளை விட்டுவிட்டு, சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் மட்டும் 120 வெள்ளிக்குக் கேட்டார்கள். புத்திசாலிகள்! கடினமானது மொத்தமும் எங்கள் தலையில்.

மணிக்கணக்கும் பார்த்தோம், ஆளுக்கு 25 வெள்ளி. பிசுக்கு ஊற 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்து ஜன்னலைத் துடைத்தாலும், வீட்டுக்கார அம்மா கடிகாரத்தையே பார்த்தார்.

இப்போது சமையலறையின் படத்தை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே கேட்கிறோம். படத்தில் பிசுக்கு தெரிவதில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரே கேள்வி: சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும் தனி விலை வைத்து, மற்ற அறைகளுக்கு ஒரே விலை சொன்னால், சமையலறைக்குப் படுக்கையறையைப்போல் எத்தனை மடங்கு வைக்கலாம்?