கேடன்ஸ் லாக்: தமிழில் என்ன சொல்வது?

கயல்விழி, கோவை

அனைவருக்கும் வணக்கம். ஓட்டக்காரர்களுக்கான கைக்கடிகாரச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல் மூன்று நாளாக நிற்கிறது: கேடன்ஸ் லாக்.

கடிகாரம் நாடித்துடிப்பைக் காட்ட வேண்டிய இடத்தில், ஓடும் காலடியின் எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் இந்தப் பெயர். நேற்றுக் காலை எனக்கே நடந்தது. ரேஸ் கோர்ஸில் மெதுவாக, பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடினேன். மார்புப் பட்டை 138 என்றது. கையில் 172. திரையைத் தள்ளிப் பார்த்தால் நிமிடத்துக்கான காலடி எண்ணிக்கையும் 172.

இப்போதைக்கு 'அடிவீதப் பூட்டு' என்று போட்டு வைத்திருக்கிறேன். மனசு ஒப்பவில்லை. இந்தச் சொல் உதவிப் பக்கத்தில் தலைப்பாகவும் வரும், கடிகாரத் திரையில் எச்சரிக்கையாகவும் வரும். திரையில் இரண்டு சொல்லுக்கு மேல் நிற்காது.

தணிகாசலம், திருவையாறு

அம்மா கயல்விழி, பூட்டு என்றதும் திண்டுக்கல் பூட்டுதான் கண்ணில் வருகிறது. 'லாக்' என்று கண்டவுடன் பூட்டைத் தேடிப் போகும் பழக்கத்தை விட வேண்டும்.

நம்மிடம் 'தளை' இருக்கிறதே. யாப்பில் நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் ஒன்றோடொன்று கட்டுண்டு நிற்பதைத் தளை என்கிறோம். அதற்கு முன்பே தளை என்றால் காலில் மாட்டும் விலங்கு. துடிப்பின் எண், அடியோடு கட்டுண்டு கிடக்கிறது. எனவே அடித்தளை. அடியும் யாப்பின் உறுப்பு, தளையும் யாப்பின் உறுப்பு. இதைவிடப் பொருந்திய சொல் கிடைக்காது.

ஜோசப், நாகர்கோவில்

நல்ல சொல் ஐயா. ஆனால் அடி என்பதே சரியா? கடிகாரம் கையில்தான் இருக்கிறது, காலில் இல்லை. கை முன்னும் பின்னும் வீசும் கணக்கைத்தான் அது துடிப்பென்று எடுத்துக்கொள்கிறது. கைவீச்சுத் தளை என்றுதானே வர வேண்டும்?

மாறன், பெங்களூரு

ஜோசப் சொல்வது பாதி சரி. ஓடும்போது கை ஒரு முறை முன்னே போய்ப் பின்னே வருவதற்குள் இரண்டு காலடி விழுந்துவிடும். அப்படியானால் கயலின் கடிகாரம் 86 காட்டியிருக்க வேண்டும். சில நேரம் அப்படியும் காட்டும், ஓட்டத்தின் நடுவில் 86 என்று பார்த்துக் குழம்பியவர்கள் உண்டு. ஆனால் பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்ச்சி இரண்டு கைக்கும் ஏறுகிறது. அதனால் 172 வலுவாக நிற்கிறது. அடி என்பதே சரி.

சொல்லுக்குப் போகும் முன் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தின் அடியில் உள்ள பச்சை ஒளி தோலுக்குள் போகிறது, ரத்தம் அதில் கொஞ்சத்தை விழுங்குகிறது, மிச்சம் திரும்பி வருகிறது. இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் சற்றுக் கூடும், திரும்பும் ஒளி சற்றுக் குறையும். எவ்வளவு குறையும்? நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்கு. அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ண வேண்டும். இதற்கிடையில் ஒவ்வொரு அடிக்கும் பட்டை தோலில் நழுவுகிறது, சதையோடு ரத்தமும் தளும்புகிறது. இந்தத் தளும்பல் துடிப்பைவிடப் பெரிதாகிவிடும்.

கடிகாரத்துக்குக் காலடியின் தாளம் தெரியாமல் இல்லை. உள்ளே முடுக்கமானி இருக்கிறது, அது தனியாக 172 என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஒளியில் வரும் தாளங்களிலிருந்து அந்த 172-ஐக் கழித்துவிட்டால் மிச்சம் நாடி. ஆனால் வேகமாக ஓடி நாடியும் 170-க்கு ஏறிவிட்டால், கழிக்கும்போது நாடியும் சேர்ந்து போய்விடும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துப் பிரிந்த பிறகு எது எது என்று தெரியாமல், தவறானதன் பின்னால் போய்விடும். இன்னொரு நிலைமை, ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள். தோல் சூடேறியிருக்காது, மணிக்கட்டில் ரத்த ஓட்டம் குறைவு, நாடியின் குறி மெலிந்து கிடக்கும். கயலுக்கு இதுதான் நடந்திருக்கும்.

அப்புறம், ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறது? இதயம் ஒரு நொடியில் 140-லிருந்து 170-க்குத் தாவாது. அதனால் மென்பொருள் அடுத்த எண்ணை முந்தைய எண்ணுக்குப் பக்கத்திலேயே தேடும். ஒரு தடவை 172-ல் உட்கார்ந்துவிட்டால் அதன் பக்கத்திலேயே தேடி, அங்கேயே காலடியைக் கண்டு, சரிதான் என்று இருந்துவிடும். சொல்லில் இந்தப் பிடிவாதம் தெரிய வேண்டும்.

மீனாள், காரைக்குடி

என் மாமனாருக்கு 71 வயது. சாயங்காலம் நடக்கும்போது கடிகாரத்தில் 112, 114 என்று நிற்கும். உட்கார்ந்தால் உடனே 80. பயந்துபோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம், எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். இதற்கு மாத்திரை எதுவும் வேண்டுமா, இல்லை இதுவும் நீங்கள் பேசும் விஷயம்தானா?

மாறன்

மீனாள் அக்கா, மருந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிதானமாக நடப்பவருக்கு நிமிடத்துக்கு 110 அடி வருவது சாதாரணம், ஆக இதுவாக இருக்கலாம். சோதிப்பது எளிது. அவர் நடக்கும்போது நீங்கள் 15 வினாடிக்கு அடியை எண்ணி நாலால் பெருக்குங்கள். பிறகு அவரை அதே வேகத்தில், இன்னும் குட்டையான அடியாக, அதிக அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். திரையில் எண்ணும் கூடவே ஏறினால் அது காலடி. நின்றதும் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். உண்மையான நாடி நின்ற உடனே தொப்பென்று விழாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும்.

தணிகாசலம்

விரல் வைத்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சித்த மருத்துவத்தில் நாடியின் போக்கையே 'நடை' என்றுதான் சொல்வார்கள். வாதம் அன்னம்போல், கோழிபோல் நடக்கும். பித்தம் ஆமைபோல், அட்டைபோல். ஐயம் தவளைபோல், பாம்புபோல். ஆக, கேடன்ஸுக்கு யாராவது 'நடைவீதம்' என்று கொண்டுவந்தால் தடுக்க வேண்டும். தமிழில் காலுக்கும் நடை, நாடிக்கும் நடை. கடிகாரம் செய்த குழப்பத்தை நாமே சொல்லிலும் செய்துவிடுவோம்.

இலக்கணத்தில் இதே நிலைமைக்கு 'மயக்கம்' என்று பெயர். ஒரு வேற்றுமை உருபு இன்னொன்றின் இடத்தில் வந்து நிற்பது உருபு மயக்கம். அடி, துடிப்பின் இடத்தில் வந்து நிற்கிறது. அடிமயக்கம் என்பதையும் பரிசீலிக்கலாம்.

மீனாள்

ஐயா, மன்னிக்கணும். கடிகாரத்தில் இதயப் படத்துக்குக் கீழே 'மயக்கம்' என்று வந்தால் என் மாமனார் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

சிவகௌரி, டொராண்டோ

மீனாள் சொல்வதுதான் எனக்கும் படுகிறது. பிழை மணிக்கூட்டில், இதயத்தில் இல்லை என்பது சொல்லைப் பார்த்ததும் விளங்க வேணும். கைக்கடிகாரத்தை நாங்கள் மணிக்கூடு என்றுதான் சொல்வோம். அது வேறு கதை.

இங்கே ஜனவரியில் ஓடினால் முதல் 2 கிலோமீட்டரும் எனக்கு இதே கூத்துத்தான். குளிரில் கை விறைத்து ரத்தம் வராது, மணிக்கூடு காலை எண்ணும். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் துள்ளி உடம்பைச் சூடாக்கி, மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எப்போதும் அல்ல.

தளை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் அப்பப்பா பனை ஏறும்போது காலில் மாட்டுவது தளைநார். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டாலே நாரின் வாசம் வருகிறது.

செந்தாமரை, தேனி

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இன்று ஒன்பதாம் வகுப்பில் 'அடித்தளை' என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் 'அடித்தளம்' என்று எழுதினார்கள். இரண்டு பேர் 'அடித்தலை'. ஒரு பையன், "யாரை மிஸ் அடிச்சது?" என்றான். தனியாக 'அடி' என்றால் பிள்ளைகளுக்கு முதலில் வருவது பிரம்புதான். 'காலடி' என்றதும் குழப்பம் போய்விட்டது.

நடந்ததை விளக்கிவிட்டு, இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "வாட்ச் காலை எண்ணுது மிஸ்." மூன்றே சொல். சிவகௌரியும் தன்னையறியாமல் இதையேதான் எழுதியிருக்கிறார்.

கயல்விழி

செந்தாமரை அக்கா, எச்சரிக்கைக்கு இது போதும் போலிருக்கிறது. ஆனால் உதவிப் பக்கத்துக்கும் அட்டவணைக்கும் ஒரு பெயர்ச்சொல் வேண்டுமே. 'காலடிப் பூட்டு' என்றால்?

மாறன்

நான் பூட்டுக்கு ஆதரவு. ஐயா திண்டுக்கல் பூட்டை நினைக்கிறார், எனக்கு ஏர் பூட்டுவது நினைவுக்கு வருகிறது. வண்டியில் மாட்டைப் பூட்டிவிட்டால் மாடு போகும் பக்கம் வண்டி போகும். திரையிலுள்ள எண்ணைக் காலடியில் பூட்டியாகிவிட்டது. கால் 172-லிருந்து 164-க்கு இறங்கினால் எண்ணும் 164-க்கு இறங்கும். நடப்பது இதுதான். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியதாக யாரும் சொல்ல முடியாது.

தணிகாசலம்

ஏர் பூட்டுவது என்ற விளக்கத்தை ஏற்கிறேன், தம்பி. ஆனால் எங்கள் பக்கம் எலும்பு மூட்டையும் பூட்டு என்போம். தோள்பூட்டு, கால்பூட்டு. 'காலடிப் பூட்டு' என்று படித்துவிட்டுக் கணுக்காலைத் தடவிப் பார்ப்பவர் இருப்பார். ஓட்டக்காரர்களுக்குக் கணுக்கால் வலி புதிதா?

ஜோசப்

அதுவும் உண்மைதான். ஆனால் இதயத்துடிப்புப் பக்கத்தில் வரும்போது யாரும் கணுக்காலை நினைக்க மாட்டார்கள். நான் பூட்டு. ஒரு சந்தேகம் மட்டும்: 86 காட்டுகிறதே, அந்தப் பாதிக் கணக்குக்கும் இதே சொல்தானா?

கயல்விழி

வியாழன் இரவு பதினொன்று. எண்ணிப் பார்த்ததில் பூட்டுக்கு நாலு பேர், தளைக்கு ஐயாவும் சிவகௌரியும். இப்படி ஏற்றிவிட்டேன்:

```
cadence_lock_title = "காலடிப் பூட்டு"
cadence_lock_alert = "காலடியை எண்ணுகிறது"
```

உதவிப் பக்கத்தின் முதல் வரி: "இது கடிகாரத்தின் பிழை, உங்கள் இதயத்தின் கோளாறு அல்ல." மீனாள் அக்காவுக்காக எழுதியது. ஜோசப் கேட்ட பாதிக் கணக்கை அதே பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன், தனிச்சொல் வைக்கவில்லை.

மீனாள்

இன்று அவர் பின்னாலேயே நடந்து அடியை எண்ணினேன். 28. நாலால் பெருக்கினால் 112. கடிகாரத்திலும் 112. நின்றதும் விரல் வைத்து எண்ணினேன், 15 வினாடிக்கு 22 வந்தது. அப்படியென்றால் 88. சரியாக எண்ணினேனா என்று நாளைக்கு மறுபடியும் பார்க்கிறேன்.

தணிகாசலம்

சொல்லடைவில் 'காலடித்தளை' என்பதையும் பக்கத்தில் ஒரு சொல்லாக வையுங்கள், அம்மா. அடுத்த பதிப்பின்போது மறுபடியும் கேட்பேன்.