சிக்னல் இல்லாத கடற்கரை ஊர்ல உள்ளூர் ஆளுகள மட்டும் நம்பி தொழில்: பண்ணுனவங்க அனுபவம் சொல்லுங்க

வாலிநோக்கம் பக்கம்
எங்க ஊரு வாலிநோக்கத்துல இருந்து உள்ள தள்ளி இருக்கு. மாடில ஏறுனா ஒரு புள்ளி சிக்னல், காத்தடிச்சா அதுவும் போயிரும். ஆன்லைன் ஆர்டர், வாட்ஸப் வியாபாரம்லாம் ஆகாது. கைல 30,000 இருக்கு. ஊர்ல நூத்தம்பது வீடு, பாதிப் பேரு கடலுக்குப் போறவுக, மத்தவுக கரிமூட்டம், ஆடு. இவுகள மட்டும் வச்சு என்ன பண்ணலாம்?

மண்டபம் தம்பி
அண்ணே மாடில பூஸ்டர் வைங்க, எங்க மாமா வீட்ல வச்சு நாலு புள்ளி வருது.

உச்சிப்புளி
தம்பி, லைசென்ஸ் இல்லாம பூஸ்டர் வச்சா கேஸாகும். அவரு கேக்குறது சிக்னல் இல்ல, தொழிலு.

பெரியபட்டினம் லாத்தா
நான் இட்லி மாவு ஆட்டி விக்கிறேன், அத சொல்றேன். எங்க பக்கம் பொம்பளைகள்ல நெறையப் பேரு பாசி எடுக்க விடியக்காலைல வள்ளத்துல போயிருவாக, திரும்ப மதியமாகும். வந்து ஊறப்போட்டு ஆட்ட யாருக்குத் தெம்பு இருக்கு? அதுனால நான் மதியம் ரெண்டு மணிக்கு ஆட்டி அஞ்சு மணிக்கு விப்பேன், புளிக்க வைக்காம. ராத்திரி வெளில வச்சா காலைல பொங்கிரும்.

ஒரு தடவைக்கு இட்லி அரிசி 4 கிலோ, உளுந்து 1 கிலோ, கொஞ்சம் வெந்தயம். மாவு சுமாரா 12 கிலோ வரும். அரிசி 180, உளுந்து 130, உப்பு கரண்டு தண்ணி எல்லாம் 40, ஆக 350. கிலோ 40ன்னு வித்தா 480. கைல நிக்கிறது 130 தான், அதுனால ரெண்டு ஈடு ஓடுனாத்தான் கட்டும். செகண்ட்ஸ்ல 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்குனேன். டேபிள் டாப் வச்சு ஆரம்பிச்சா ஒரு ஈடுக்கே சாயங்காலமாயிரும். பாக்கெட் போட மாட்டேன், தூக்குவாளி கொண்டு வந்தாத்தான் மாவு.

தண்ணி முக்கியம் தம்பி. நம்ம போர் தண்ணி உப்பு, உளுந்து பொங்காது, மாவும் கரிக்கும். காவிரித் தண்ணி வர்ற நாள்ல பிடிச்சு வைங்க, இல்லாட்டி கேன். உளுந்து பதம் பாக்க ஒரு சொட்டு தண்ணில போட்டா மிதக்கணும், முங்குச்சுன்னா இன்னும் ஆட்டணும்.

தங்கச்சிமடம்
வெயில் காலத்துல கல்லு சூடேறி மாவு கிரைண்டர்லயே புளிச்சிரும், அது உண்மை. நம்ம பக்கம் ஐஸுக்கா பஞ்சம், மீன் ஐஸ ரெண்டு கட்டி ஒடச்சுப் போட்டு ஆட்டுங்க, ஜோரா வரும்.

பெரியபட்டினம் லாத்தா
சூடு விஷயம் சரி. ஆனா மீன் ஐஸ மாவுக்குள்ள போடாதீக, அது திங்கிறதுக்குன்னு செஞ்சது இல்ல, எந்தத் தண்ணின்னும் தெரியாது, கெடக்குற எடமும் அப்படி. தண்ணிக் கேன மூடி அந்த ஐஸுக்குள்ள பொதைச்சு வச்சு, அந்தக் குளுந்த தண்ணிய தெளிச்சு ஆட்டுங்க. கோடைல உளுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஊற வேணாம்.

தொண்டி
நான் கருவாடு போட்டேன், நெத்திலியும் சாளையும். உள்ளூர்ல ஒருத்தர் வாங்கல, எல்லா வீட்டு வாசல்லயும் அதான் காயுது. வெளியூர் யாவாரிக்குப் போன் பண்ணித்தான் விக்கணும், உங்களுக்கு அது முடியாதுல்ல. ஊர்ல எல்லார்ட்டயும் இருக்குறத ஊர்லயே விக்க முடியாதுண்ணே.

வாலிநோக்கம் பக்கம்
லாத்தா, காசு எப்படி வாங்குறீங்க? இங்க இருக்குற ஒரு பெட்டிக்கடைல ஜிபே பண்ணா சுத்திக்கிட்டே நிக்குது, காசு போச்சா போகலையான்னு ரெண்டு பேருக்கும் சண்டை.

உச்சிப்புளி
நெட் இல்லாட்டியும் *99# போட்டு அனுப்பலாம், பேங்க்ல குடுத்த நம்பர்ல இருந்து அடிக்கணும். கால் போற அளவு சிக்னல் இருந்தா போதும்.

மண்டபம் தம்பி
அது எங்க ஊர்ல மெனு பாதில கட்டாயிருது ண்ணே, பின் அடிக்கிறதுக்குள்ள.

பெரியபட்டினம் லாத்தா
எனக்கு ரொக்கம் தான், கூடவே கடன் நோட்டு. கடன் இல்லாம கடற்கரைல யாவாரம் நடக்காது, படகு பங்கு பிரிச்சாத்தான் வீட்டுக்குக் காசு வரும். வீட்டுக்கு 200 ரூவா வரைக்கும் தான், பங்கு பிரிச்ச அன்னிக்கே போய் நிக்கணும், மறுநா போனா காசு வேற கைக்குப் போயிரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடை, அந்த 61 நாளும் ஒரு ஈடு தான் ஆட்டுவேன். நாட்டுப்படகுக்குத் தடை இல்ல, அதுனால உங்க ஊர்ல எது அதிகம்னு பாத்துக்கங்க.

தங்கச்சிமடம்
கடனே குடுக்கக் கூடாது லாத்தா. எங்க தெருவுல ஒருத்தங்க தடைக்காலத்துல குடுத்த கடன், நிவாரணம் வந்தும் திரும்பல, கடைய மூடிட்டாங்க.

பெரியபட்டினம் லாத்தா
நிவாரணத்த நம்பிக் குடுத்தா அப்படித்தான். அது வர்றதுக்கு முன்னாடியே பத்து பேருக்கு எழுதி வச்ச காசு.

வாலிநோக்கம் பக்கம்
எங்க ஊர்ல நாட்டுப்படகு தான். கரிமூட்டத்துக்குப் போறவுகளுக்கு சனிக்கிழமை கூலி. அப்ப அந்த வீடுகளுக்கு சனிக்கிழமை வசூல்னு வச்சுக்கலாமா? மிஞ்சுன மாவ என்ன பண்ணுவீக?

பெரியபட்டினம் லாத்தா
சனிக்கிழமை சரியா வரும். மிஞ்சுனா காலைல பணியாரம் ஊத்தி பள்ளிக்கூட வாசல்ல குடுத்துருவேன், அதுக்கு மேல புளிச்சா ஆட்டுக்கு. மொத வாரம் ஒரு ஈடு மட்டும் ஆட்டுங்க தம்பி, அதுவே மிஞ்சுனா கிரைண்டர் வாங்காதீக, யார்ட்டயாச்சும் வாடகைக்கு எடுத்துப் பாருங்க.